வகுப்பில் முதல் முறை பேசும் முன் வரும் பயம்: கேள்விகளும் பதில்களும்

எனக்கு முன்னால் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே என் நெஞ்சு படபடக்கிறது, விரல்கள் நடுங்குகின்றன, நாக்கு உலர்ந்து ஒட்டிக்கொள்கிறது. என் உடலில் ஏதாவது கோளாறா?

கோளாறு இல்லை. இத்தனை பேர் ஒரே நேரத்தில் உங்களைப் பார்க்கப்போகிறார்கள் என்பதை உடல் ஓர் ஆபத்தாக எடுத்துக்கொள்கிறது. சிறுநீரகங்களின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் கலக்கின்றன. ஓடுவதற்கோ எதிர்ப்பதற்கோ உடல் தயாராகிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது, தசைகள் இறுகி விரல்கள் நடுங்குகின்றன. செரிமானம் அப்போதைக்கு அவசியமில்லாத வேலை என்பதால் உமிழ்நீர் குறைகிறது, வயிறும் புரட்டுகிறது. தொல்லைகள் பலவாகத் தெரிந்தாலும் காரணம் ஒன்றுதான். நடுக்கத்துக்கு ஒரு வழி, வாய் உலர்வதற்கு ஒரு வழி என்று தனித்தனியாகத் தேட வேண்டியதில்லை.

இதைவிட முக்கியமாகத் தெரிந்திருக்க வேண்டியது, இந்தப் பயம் எப்போது ஏறி எப்போது இறங்குகிறது என்பது. பேசுகிறவர்களின் இதயத் துடிப்பை அளந்து பார்த்தால், பேச எழும் நேரத்திலும் பேச்சின் முதல் நிமிடத்திலும்தான் அது பெரும்பாலும் உச்சத்தில் இருக்கிறது. அதன் பிறகு, பேசிக்கொண்டிருக்கும்போதே இறங்கத் தொடங்குகிறது. முதல் முறை பேசுகிறவருக்கு இது தெரியாது. முதல் பத்து வினாடியில் உள்ள நிலைதான் கடைசிவரை நீடிக்கும், இன்னும் மோசமாகும் என்று நினைத்துவிடுகிறார். ஆகவே ஐந்து நிமிடப் பேச்சுக்குத் தயாராகிறவர், முதல் நிமிடத்துக்குத்தான் அதிகம் உழைக்க வேண்டும்.

முழுப் பேச்சையும் மனப்பாடம் செய்துவிட்டால் பயம் போய்விடாதா?

முதல் முறை பேசுகிறவர்களை அதிகம் தடுமாற வைப்பது இந்த முழு மனப்பாடம்தான். மனப்பாடம் செய்த பேச்சில் ஒவ்வொரு சொல்லும் முந்தைய சொல்லைப் பிடித்துக்கொண்டு வருகிறது. ஒன்று நழுவினால் அடுத்தது வராது. விஷயம் நன்றாகத் தெரிந்தவர்கூட அந்த ஒரு சொல்லைத் தேடிக்கொண்டு வாய் மூடி நிற்பார்.

சொல்லுக்குச் சொல் மனப்பாடமாக இருக்க வேண்டியவை தொடக்க வாக்கியங்கள் நான்கும் முடிவு வாக்கியம் ஒன்றும் மட்டுமே. முதல் நான்கும் பயம் உச்சத்தில் இருக்கும்போது யோசிக்காமல் வாயில் வர வேண்டும். கடைசி வாக்கியம், எப்படி முடிப்பது என்று தெரியாமல் இழுப்பதைத் தடுக்கும். நடுப்பகுதியைக் குறிப்புச் சொற்களாக மட்டும் ஓர் அட்டையில் எழுதிக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அப்போது வரும் வார்த்தைகளில் சொல்லிப் பழகுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். பூக்கள் இருக்கும் இடத்தைத் தேனீக்கள் ஒன்றுக்கொன்று எப்படித் தெரிவிக்கின்றன என்று ஒரு மாணவி ஐந்து நிமிடம் பேச வேண்டும். அவர் முதலில் எழுதிய தொடக்கம் இது: “அனைவருக்கும் வணக்கம், இன்று நான் உங்கள் முன்னிலையில் பேச எடுத்துக்கொண்ட தலைப்பு தேனீக்களின் தகவல் தொடர்பு முறைகளும் அவற்றின் சிறப்புகளும் என்பதாகும்.” தாளில் பார்த்தால் குறை தெரியாது. ஆனால் மூச்சு மிகவும் குறைந்திருக்கும் நேரத்தில் பேச்சிலேயே நீளமான வாக்கியத்தைச் சொல்லும்படி ஆகிவிடுகிறது. பாதியில் காற்று தீர்ந்து குரல் மெலியும். அந்த மெலிவைக் கேட்டதும் பயம் இன்னும் ஏறும்.

மாற்றி எழுதியது: “வணக்கம். தேனீப் பெட்டிக்குள் எப்போதும் இருட்டு. அந்த இருட்டில் ஒரு தேனீ எட்டு வடிவில் ஆடுகிறது. ஆட்டம் முடிவதற்குள், பூக்கள் எந்தத் திசையில், எவ்வளவு தொலைவில் உள்ளன என்று மற்ற தேனீக்களுக்குத் தெரிந்துவிடும்.” முதல் வாக்கியம் ஒரே சொல். அதைச் சொன்னதும் மூச்சு விட இடம் கிடைக்கிறது. அடுத்தவையும் குட்டையாகத் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக நீள்கின்றன. கேட்பவர்களுக்கும் தலைப்பை அறிவிப்பதைவிட இது பிடித்திருக்கும்.

அவருடைய அட்டையில் இருந்தவை நான்கே வரிகள், முதலாவது இந்த ஆட்டத்தின் பொருளைக் கண்டறிந்த அறிவியலாளரின் பெயர்: “கார்ல் வான் ஃபிரிஷ், நோபல் 1973”, “ஆடும் கோணம்: சூரியனிலிருந்து திசை”, “ஆடும் நேரம்: தொலைவு”, “இருட்டில் எப்படி அறிகின்றன: உணர்கொம்பு”. ஒவ்வொரு வரியைப் பற்றியும் ஒரு நிமிடம் பேச அவரால் முடியும். ஒரு வரியைப் பார்த்து அரை நிமிடம்கூடப் பேச வரவில்லை என்றால், அந்தப் பகுதி இன்னும் உங்களுக்குப் புரியவில்லை என்று பொருள். பயிற்சியை நிறுத்திவிட்டு அந்த இடத்தைத் திரும்பப் படியுங்கள்.

எத்தனை நாள் முன்பே தொடங்க வேண்டும்? எப்படிப் பயிற்சி செய்வது?

ஐந்து நிமிடப் பேச்சுக்கு ஒரு வாரம் தாராளம். உட்கார்ந்து மனதுக்குள் படிப்பது பயிற்சி ஆகாது. எழுந்து நின்று, வகுப்பின் கடைசி வரிசைக்குக் கேட்கும் அளவு குரலில், தொலைபேசியில் நேரத்தை ஓடவிட்டுப் பேசுங்கள். மனதுக்குள் படிக்கும்போது ஓடிப்போகும் வாக்கியங்களில் எது நாக்கில் சிக்குகிறது என்பது வாய்விட்டுச் சொன்னால்தான் தெரியும். சிக்கிய சொல்லை அப்போதே மாற்றிவிடுங்கள்.

அந்த மாணவி முதல் முறை பேசிப் பார்த்தபோது ஆறு நிமிடத்தைத் தாண்டிவிட்டது. இந்த இடத்தில் எல்லோரும் செய்வதையே அவரும் செய்தார்: வேகத்தைக் கூட்டினார். ஐந்து நிமிடத்துக்குள் வந்துவிட்டது, ஆனால் மூச்சு விட இடமில்லாமல் போயிற்று. பதற்றத்தில் பேச்சின் வேகம் தானாகவே கூடும். பயிற்சியிலேயே விரைந்தால் வகுப்பில் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். குறைக்க வேண்டியது விஷயத்தை. ஃபிரிஷின் வாழ்க்கையைப் பற்றிய இரண்டு வாக்கியங்களையும், ஒரே கருத்தைச் சொல்லும் இரண்டு எடுத்துக்காட்டுகளில் ஒன்றையும் எடுத்ததும் நாலரை நிமிடத்தில் நின்றது. மீதி அரை நிமிடம் மூச்சுக்கும் நிறுத்தங்களுக்கும்.

பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ஒவ்வொரு முறையும் தொடக்கத்திலிருந்தே பேசிப் பார்த்தால் தொடக்கம் மட்டும் பளிச்சென்று இருக்கும், பின்பாதி தேறாது. அட்டையில் ஏதாவது ஒரு வரியைத் தொட்டு அங்கிருந்து தொடங்கிப் பழகுங்கள். வகுப்பில் நடுவே தடம் மாறினாலும் எங்கிருந்தும் ஏறிக்கொள்ளலாம்.

வாரத்தின் பின்பகுதியில் இன்னொன்றும் செய்யுங்கள். இதய நோயோ ஆஸ்துமாவோ இல்லாதவர்கள், நெஞ்சு வேகமாக அடிக்கும்வரை மாடிப்படி ஏறி இறங்கிவிட்டு, உடனே அந்த முதல் நான்கு வாக்கியங்களைச் சொல்லிப் பாருங்கள். அமைதியான அறையில் மட்டும் பழகிய வாக்கியம், துடிப்பு ஏறியதும் அந்நியமாகிவிடும். படபடப்போடும் பழகிய வாக்கியம் படபடப்பிலும் வரும். பிறகு ஒருவரை எதிரே உட்கார வைத்துப் பேசுங்கள். முடிந்தால் அதே வகுப்பறை காலியாக இருக்கும்போது ஒரு முறை நின்று பேசுங்கள்.

முந்தைய இரவு ஸ்லைடுகளைத் திருத்தாதீர்கள். ஒரு வாரம் பழகிய வரிசை அந்த ஒரு மணி நேரத்தில் குழம்பிவிடும்.

மெதுவான மூச்சு என்றால் சரியாக எப்படி?

முதுகு நிமிர்ந்து உட்காருங்கள். ஒரு கையைத் தொப்புளுக்கு மேல் வையுங்கள். மூக்கு வழியாக நான்கு வினாடி இழுங்கள். மூக்கு வழியாகவோ, உதடுகளைச் சற்றே குவித்தோ, ஆறு வினாடி வெளியே விடுங்கள். நடுவில் அடக்கிப் பிடிக்க வேண்டாம். ஒரு சுற்றுக்குப் பத்து வினாடி, ஆகவே நிமிடத்துக்கு ஆறு மூச்சு. ஓய்வில் இருக்கும் பெரியவர்கள் வழக்கமாக நிமிடத்துக்குப் பன்னிரண்டிலிருந்து இருபது வரை விடுகிறார்கள். தினமும் ஐந்து நிமிடம் போதும்.

மூச்சு இழுக்கும்போது இதயம் சற்று வேகமாகவும், விடும்போது சற்று மெதுவாகவும் துடிக்கிறது. மணிக்கட்டில் விரல் வைத்து மெதுவாக மூச்சு விட்டால் பலரால் இதை உணர முடியும். இதயத்தை நிதானப்படுத்தும் வேகஸ் நரம்பின் பிடி, மூச்சு வெளியேறும்போதுதான் வலுவாக இருக்கிறது. இதயத்தை மெதுவாக ஓடு என்று நேரடியாகக் கட்டளையிட நம்மால் முடியாது. ஆனால் மூச்சு நம் கட்டுப்பாட்டில் உள்ளது. வெளிமூச்சை நீட்டும்போது, இதயம் மெதுவாகத் துடிக்கும் அந்தப் பகுதியைத்தான் நீட்டுகிறோம்.

சரியாகச் செய்கிறீர்களா என்று கண்டறிவது எளிது. கைக்கு அடியில் வயிறு உயர்ந்து தாழ வேண்டும், தோள்கள் அசையக்கூடாது. பக்கத்தில் இருப்பவருக்கு உங்கள் மூச்சு கேட்கக்கூடாது. இரண்டு மூன்று நிமிடத்தில் வாயில் உமிழ்நீர் ஊறுவதையோ தாடை தளர்வதையோ சிலர் உணர்வார்கள். நான்கும் ஆறும் திணறடித்தால் மூன்றும் நான்குமாகத் தொடங்கிச் சில நாட்களில் நீட்டுங்கள்.

முக்கியமானது, இதை அமைதியான நேரத்தில் பழகியிருக்க வேண்டும். பேச்சுக்குத் தயாராகத் தொடங்கும் அன்றே இதையும் தொடங்குங்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக வகுப்பறை வாசலில் நின்று வினாடி எண்ணினால், எண்ணுவதே இன்னொரு பதற்றமாகிவிடும்.

“ஆழமாக மூச்சை இழு” என்று எல்லோரும் சொன்னார்கள். இழுத்தேன், தலை சுற்றியது, உதடு மரத்தது. ஏன்?

நீங்கள் பெரிய மூச்சுகளை வேகமாக இழுத்திருக்கிறீர்கள். பதற்றத்தில் இருக்கும் ஒருவரிடம் ஆழமாக இழு என்றால் பெரும்பாலும் இதுதான் நடக்கும். அதனால் அந்த அறிவுரையை நான் யாருக்கும் சொல்வதில்லை.

உடல் உண்டாக்குவதைவிட அதிகமான கார்பன் டை ஆக்சைடு இப்படி வெளியேறிவிடுகிறது. இரத்தத்தில் அதன் அளவு குறைந்தால் மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. அதுதான் தலைச்சுற்றல். உதட்டிலும் விரல் நுனிகளிலும் ஊசி குத்துவது போன்ற உணர்வும் இதனால்தான். இதில் ஒரு பொறி இருக்கிறது: காற்று போதவில்லை என்றே அப்போது தோன்றும். ஆனால் ஆக்சிஜனுக்குக் குறைவே இல்லை. காற்று போதவில்லை என்று எண்ணி இன்னும் பெரிதாக இழுத்தால் நிலைமை மேலும் மோசமாகும்.

வாயை மூடி, மூக்கு வழியாகச் சிறிய மூச்சாக இழுத்து, நீளமாக விடுங்கள். சில நிமிடங்களில் தெளியும். நான்கு, ஆறு என்ற கணக்கில் பழகும்போதும் தலை லேசாகச் சுற்றினால் வேகத்தை மாற்ற வேண்டியதில்லை, இழுக்கும் காற்றின் அளவைக் குறைத்தால் போதும்.

அன்று என் முறை வரும்வரை என்ன செய்வது?

காபி, தேநீர் பழக்கம் இல்லாதவர் அன்று தொடங்க வேண்டாம். படபடப்பும் நடுக்கமும் கூடும். பழக்கம் உள்ளவர் வழக்கமான அளவோடு நிற்கட்டும். தண்ணீரை வாய் நனையும் அளவு மட்டும் அவ்வப்போது குடியுங்கள்.

யார் முதலில் பேசுவது என்று ஆசிரியர் கேட்டால், முன்கூட்டியே பேச இடம் கேளுங்கள். காத்திருக்கும் நேரத்தில்தான் பயம் வளர்கிறது. காத்திருக்கத்தான் வேண்டும் என்றால், உங்களுக்கு முந்தையவர் எழுந்ததும் நான்கு, ஆறு என்று தொடங்குங்கள். கண்ணை மூட வேண்டாம், பேசுகிறவரைப் பார்த்துக்கொண்டே செய்யலாம். அவர் ஐந்து நிமிடம் பேசினால் உங்களுக்கு முப்பது மூச்சு கிடைக்கிறது. அட்டையைத் திரும்பத் திரும்பப் புரட்டாதீர்கள். முதல் நான்கு வாக்கியங்களை மட்டும் ஒரு முறை மனதுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள்.

பெயரை அழைத்ததும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு எழுவதுதான் இயல்பாக நடக்கும். அதைத் தலைகீழாக்குங்கள்: முதலில் முழுவதும் வெளியே விட்டு, பிறகு எழுங்கள். முன்னால் போய் அட்டையை மேசையில் வையுங்கள். இரு பாதங்களும் தரையில் நன்றாகப் பதியட்டும். ஒரு மூச்சு இழுத்து விடுங்கள். அடுத்ததை இழுத்த பிறகு “வணக்கம்” என்று சொல்லுங்கள். இதற்கெல்லாம் பத்துப் பதினைந்து வினாடி ஆகும். உங்களுக்கு அது மிக நீளமாகத் தோன்றும். வகுப்புக்கு, ஒருவர் பேசத் தயாராகிறார் என்பது மட்டுமே தெரியும்.

பேசத் தொடங்கியதும் மூச்சு வாங்குகிறது, குரல் நடுங்குகிறது. அப்போது எண்ணிக்கொண்டா இருக்க முடியும்?

எண்ண வேண்டாம். குரல் வெளிமூச்சில்தான் பிறக்கிறது. வாக்கியத்தை நிதானமாகச் சொன்னாலே வெளிமூச்சு நீண்டுவிடும். கெடுவது உள்மூச்சுதான். பதற்றத்தில் இருப்பவர் ஒரு வாக்கியம் முடிந்ததும் நிற்காமல் அடுத்ததற்குத் தாவுகிறார். இருந்த காற்று தீர்ந்ததும் நடுவில் வாயால் ஒரு துண்டு இழுத்துக்கொள்கிறார். சில வாக்கியங்களுக்குள் தொண்டை இறுகிக் குரல் நடுங்குகிறது.

இதற்கு ஒரே ஒரு பழக்கம் போதும்: வாக்கியம் முடிந்ததும் வாயை மூடுங்கள். காற்று மூக்கு வழியாகத் தானாக உள்ளே வரும். முதல் நான்கு வாக்கியங்களை அட்டையின் பின்புறம் எழுதி, ஒவ்வொன்றின் முடிவிலும் சாய்கோடு போட்டு, அந்த இடத்தில் வாய் மூடிப் பழகுங்கள். நமது மாணவி “தெரிந்துவிடும்” என்று முடியும் நீண்ட வாக்கியத்தில், “முடிவதற்குள்” என்ற சொல்லுக்குப் பின்னும் ஒரு கோடு போட்டுக்கொண்டார். பேச்சு நடந்த அன்று அந்தக் கோட்டில்தான் அவர் முதல் முறையாக வகுப்பை நிமிர்ந்து பார்த்தார்.

கை நடுங்குகிறவர்கள் மெல்லிய தாளைப் பிடிக்க வேண்டாம். சிறு நடுக்கத்தையும் அது பெரிதாகக் காட்டும். அதே காரணத்தால் லேசர் சுட்டியையும் தவிருங்கள்.

நடுவில் எல்லாம் மறந்துபோனால்?

மூச்சை வெளியே விட்டு அட்டையைப் பாருங்கள். அடுத்த வரியை எடுத்துக்கொண்டு, “அடுத்து, தொலைவை எப்படிச் சொல்கிறது என்று பார்ப்போம்” என்று தொடங்குங்கள். விடுபட்டது பின்னால் நினைவுக்கு வந்தால் அங்கேயே சேர்த்துக்கொள்ளலாம். உங்கள் வரிசை யாருக்கும் தெரியாது. மன்னிப்புக் கேட்பது மட்டும் வேண்டாம். அதுவரை கவனிக்காதவர்களையும் அது கவனிக்க வைக்கும்.

நான் நடுங்குவது எல்லோருக்கும் அப்பட்டமாகத் தெரியுமே?

நீங்கள் நினைக்கும் அளவுக்குத் தெரிவதில்லை. உளவியலாளர்கள் கென்னத் சவிட்ஸ்கியும் தாமஸ் கிலோவிச்சும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில் இதைத்தான் கண்டார்கள். பேசியவர்கள் தங்கள் பதற்றம் எவ்வளவு வெளியே தெரிந்தது என்று மதிப்பிட்டார்கள். கேட்டவர்களுக்குத் தெரிந்தது அதைவிடக் குறைவு. இன்னொரு பயனுள்ள முடிவும் அதில் உண்டு. உள்ளே இருக்கும் பதற்றம் அப்படியே வெளியே தெரிவதில்லை என்று முன்பே எடுத்துச் சொல்லப்பட்டவர்கள், மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். உங்கள் இதயத் துடிப்பு உங்கள் காதுக்குள் கேட்கிறது. முதல் வரிசைக்குக்கூட அது கேட்காது. சந்தேகம் இருந்தால் பயிற்சியின்போது தொலைபேசியில் பதிவு செய்து, மறுநாள் பாருங்கள்.

மூச்சைக் கவனித்தாலே எனக்குப் பயம் கூடுகிறது.

சிலருக்கு அப்படித்தான். வற்புறுத்திச் செய்ய வேண்டாம். உள்மூச்சை அதன் போக்கில் விட்டுவிட்டு, வெளிமூச்சின்போது மட்டும் மெல்லிய குரலில் “ம்ம்” என்று முனகிப் பாருங்கள். எண்ணிக்கை இல்லாமலே வெளிமூச்சு நீளும். அதுவும் ஒத்துவரவில்லை என்றால், பாதம் தரையில் அழுந்துவதை மட்டும் கவனித்துக்கொண்டு தயாரிப்பை நம்பிப் பேசுங்கள்.

மாத்திரை போட்டுக்கொள்ளலாமா?

நீங்களாகப் போடாதீர்கள். மேடைக் கலைஞர்கள் சிலர் மருத்துவர் சொல்லி எடுத்துக்கொள்ளும் புரோப்ரனலால் இதயத் துடிப்பையும் நடுக்கத்தையும் குறைக்கும். ஆனால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆபத்தானது. நண்பரிடமிருந்து வாங்கிப் போடுகிற மாத்திரை அல்ல.

இதையெல்லாம் செய்தும் முடியவில்லை என்றால்?

எந்த அளவுக்கு முடியவில்லை என்பதைப் பாருங்கள். முதல் நிமிடம் கடினமாக இருந்து பேச்சு முடிந்துவிட்டது என்றால் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்திருக்கிறது. மெதுவான மூச்சு பயத்தைத் துடைத்தெடுப்பதில்லை, பேசக்கூடிய அளவுக்கு இறக்கி வைக்கிறது.

பேச வேண்டிய நாட்களில் வகுப்புக்கே போகாமல் இருப்பது, அதற்காகப் பாடத்தையே மாற்றுவது, வாரக்கணக்கில் தூக்கம் கெடுவது, பேச்சு தவிர சாப்பிடுவதையும் கேள்வி கேட்பதையும்கூடப் பிறர் முன் செய்ய முடியாமல் போவது, இவை மாதக்கணக்கில் தொடர்ந்தால் அது சமூகப் பதற்றக் கோளாறாக இருக்கலாம். பயத்தை வளர்க்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் படிப்படியாக மாற்றும் அறிதிறன் நடத்தை சிகிச்சை அதற்கு நன்கு பயன்படுகிறது. கல்வி நிலையத்தின் ஆலோசகரையோ ஒரு மனநல மருத்துவரையோ பாருங்கள். ஓய்வாக இருக்கும்போதும் படபடப்பு வந்தாலோ, மயங்கி விழுந்தாலோ மருத்துவரிடம் இதயத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள். திக்குவாய் உள்ளவர்களுக்குப் பேச்சு சிகிச்சையாளரின் உதவிதான் பொருந்தும்.

அதுவரை ஆசிரியரிடம் தனியாகப் பேசுங்கள். முழு வகுப்பின் முன் பேசும் முன், முதலில் அவர் ஒருவர் முன்னிலையிலும், அடுத்த வாரம் நான்கைந்து பேர் முன்னிலையிலும் அதே பேச்சைப் பேச அனுமதி கேளுங்கள். பேச்சிலிருந்து முழு விலக்கு மட்டும் கேட்காதீர்கள். தப்பித்த நிம்மதி அன்று கிடைக்கும், ஆனால் அடுத்த முறை பயம் இன்னும் பெரிதாக வரும்.